பழைய வாடிக்கையாளருக்குப் பாக்கிக் கடிதம்

‘பில் 1187 பணம் இன்னும் வரவில்லை. உடனே அனுப்பவும்.’

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு எட்டு வருடமாக அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர் இப்படி ஒரு மெயில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் இதைப் படிக்கும் கணக்குப்பிரிவு ஊழியருக்குத் தொகை தெரியாது, கெடுத் தேதி தெரியாது. பில்லைத் தேடி எடுப்பதும் அவர் தலையில்தான். அதனால் மெயில் ஓரமாகக் கிடக்கும். ‘உடனே’ என்ற சொல்லுக்கு எந்தத் தேதியும் இல்லை என்பது இன்னொரு கோளாறு.

அதையே இப்படி எழுதலாம். தலைப்பில் ‘பில் 1187 – ரூ.1,84,500 – மே 3-ல் செலுத்த வேண்டியது’ என்று போட்டுவிட்டால், மெயிலைத் திறக்காமலே விஷயம் புரிந்துவிடும்.

‘வணக்கம் சார். ஏப்ரல் 3 தேதியிட்ட மேற்படி பில்லுக்கு 30 நாள் தவணை மே 3-ல் முடிந்தது. இன்று மே 22. தொகை எங்கள் கணக்கில் இன்னும் வரவில்லை. பில், டெலிவரி சலான் நகல்களை இணைத்திருக்கிறேன். சரக்கிலோ பில்லிலோ குறை இருந்தால் மே 25-க்குள் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறோம். இல்லையென்றால் மே 30-க்குள் தொகையை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். உங்கள் அடுத்த ஆர்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பாக்கி வந்ததும் லோடு ஏற்றிவிடுவோம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யூடிஆர் எண் மட்டும் தெரிவியுங்கள்.’

இதில் ‘தவறாக நினைக்காதீர்கள்’, ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ எதுவும் இல்லை. நமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்க மன்னிப்பு எதற்கு? குறையைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்ததிலேயே மரியாதை வந்துவிட்டது. பில் கணக்குப்பிரிவுக்கே போய்ச் சேராமல் இருக்கலாம், பெட்டிகள் எண்ணிக்கையில் குறைந்திருக்கலாம். அந்தக் கேள்விக்கும் தேதி வைத்ததால், மே 30-க்குப் பிறகு ‘சரக்கு சரியில்லை’ என்று புதிதாகக் கிளப்புவது அவர்களுக்கே சங்கடம்.

கண்டிப்பு லோடு பற்றிய வரியில் இருக்கிறது. ஆனால் அதை நிஜமாகவே நிறுத்தி வைப்பீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள். பாக்கி வராமலே ஒருமுறை லோடு போய்விட்டால், அடுத்த மெயிலை யாரும் மதிக்கமாட்டார்கள்.

முதல் மெயில் கணக்குப்பிரிவுக்கு மட்டும் போகட்டும். முதலாளிக்கும் நகல் போட்டால் அந்த ஊழியரைப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிறகு நம் பில் எப்போதும் கட்டின் அடியில்தான் இருக்கும். மே 30 தாண்டியும் பதில் இல்லையா, முதலாளிக்கே போன் செய்யுங்கள்.

சட்டத்தையும் அதுவரை உறையிலேயே வைத்திருக்கலாம். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். இது இரண்டாவது கடிதத்துக்கான விஷயம்.