நோட்டீஸில் நழுவும் மார்க்

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் நோட்டீஸுக்கு 4 மார்க், அளவு 50 சொல். அமைப்புக்கு 1, விஷயத்துக்கு 2, பிழையில்லாத நடைக்கு 1 என்று அது பிரியும். பிள்ளைகள் கவலைப்படுவதெல்லாம் அந்த முதல் மார்க்குக்குத்தான். ஸ்கேலை வைத்துக் கட்டம் போடவே இரண்டு நிமிடம் ஆகிவிடும். ஆனால் கட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மார்க்கைக் குறைக்கக் கூடாது என்று வாரியத்தின் திருத்தக் குறிப்புகளே சொல்லியிருக்கின்றன. நோட்டீஸ் என்ற சொல், தலைப்பு, தேதி, எழுதுபவரின் பெயரும் பதவியும் இருந்தால் அந்த 1 மார்க் வந்துவிடும்.

நழுவுவது அடுத்த 2 மார்க்தான். பள்ளியில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, நூலகக் குழுச் செயலராக நோட்டீஸ் எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பின் பெருமையில் தொடங்கும் மாணவருக்கு அதிலேயே 20 சொல் போய்விடும். கடைசியில் கண்காட்சி நாள் இருக்கும்; எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பது இருக்காது. வராந்தாவில் நின்று படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தேவை அதுதானே? நவம்பர் 12 முதல் 14 வரை, காலை 10 முதல் மாலை 4 வரை, பள்ளிக் கலையரங்கம், 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு, மேலும் விவரத்துக்குச் செயலரை அணுகவும். இவ்வளவு எழுதினால் விஷயம் முடிந்தது.

தேதி இரண்டு என்பதையும் பலர் மறக்கிறார்கள். மேலே வருவது நோட்டீஸ் ஒட்டும் நாள், உள்ளே வருவது நிகழ்ச்சி நாள். இரண்டிலும் நவம்பர் 12 என்று போட்டால், கண்காட்சி தொடங்கும் அன்றுதான் அறிவிப்பே வருகிறது என்றாகிவிடும். கீழே சொந்தப் பெயரை எழுதுவதும் தவறு. கேள்வி கொடுத்த பெயரைத்தான் போட வேண்டும்.

கடிதத்துக்கு 5 மார்க், 120 முதல் 150 சொல். அமைப்பு 1, கருத்துகளை வரிசைப்படுத்துவது 1, விஷயம் 2, பிழையின்மை 1. அனுப்புநர் முகவரி, தேதி, பெறுநர், பொருள், விளிப்பு, முடிப்பு எல்லாம் இடது ஓரமாக ஒரே நேராக வரும். இதை மனப்பாடம் செய்துவிடலாம்.

சிக்கல் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில். தெருவில் குப்பை குவிகிறது என்று எழுதிவிட்டு, “நீங்கள் உடனே அகற்ற வேண்டும்” என்று முடிப்பார்கள். ஆசிரியர் என்ன, மாநகராட்சி ஆணையரா? அவரால் கடிதத்தை அச்சிட முடியும், அவ்வளவுதான். ஆகவே முதல் பத்தியில், உங்கள் பத்திரிகை வழியாக இதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன் என்று இருக்க வேண்டும். நடுப்பத்தியில் எந்தத் தெரு, எத்தனை நாளாக, யாருக்கு என்ன தொல்லை என்பது. கடைசிப் பத்தியில் மாநகராட்சி செய்ய வேண்டியது, அங்கே குடியிருப்பவர்கள் செய்யக் கூடியது. ஆசிரியரிடம் கேட்க வேண்டியது, இதை வெளியிடுங்கள் என்பது மட்டுமே.