ஆறாவது படிக்கு எத்தனை வழி?

பத்துப் படி உள்ள ஒரு மாடி. ஒரு தடவையில் ஒரு படி ஏறலாம். கால் எட்டினால் இரண்டு படியைச் சேர்த்தும் தாண்டலாம். கீழிருந்து உச்சிக்குப் போக மொத்தம் எத்தனை வழி? மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது.

ஒரு படிக்கு ஒரே வழிதான். இரண்டு படிக்கு இரண்டு வழி: ஒவ்வொன்றாக ஏறலாம், ஒரே தாவலாகத் தாவலாம். மூன்று படிக்கு மூன்று வழி. நாலு படிக்கு ஐந்து. இதுவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏழு படிக்கு 21 வழி என்கிறபோது, எதை எழுதினோம், எதை விட்டோம் என்பதே குழம்பிவிடும்.

எனவே கீழிருந்து பார்க்காமல் மேலிருந்து பார்ப்போம். பத்தாவது படியில் ஒருவர் நிற்கிறார் என்றால், அதற்கு முன் அவர் எங்கே நின்றிருக்க முடியும்? ஒன்பதாவது படியில், அல்லது எட்டாவது படியில். வேறு இடமே இல்லை. ஆகவே பத்தாவது படிக்கான வழிகள் என்பது ஒன்பதுக்கான வழிகளையும் எட்டுக்கான வழிகளையும் கூட்டிய தொகை. ஒன்பதுக்கும் இதே நியாயம், எட்டுக்கும் இதே நியாயம்.

இதை அப்படியே கணினியிடம் கொடுத்தால் விடை சரியாக வரும். ஆனால் வேலை பெருகும். ஆறாவது படியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐந்தும் நாலும் தேவை. ஐந்துக்கு மறுபடி நாலும் மூன்றும் தேவை. நாலாவது படியின் கணக்கை இரண்டு தடவை, மூன்றாவது படியின் கணக்கை மூன்று தடவை போட வேண்டியிருக்கிறது. ஆறு படிக்கு இது பெரிதாகத் தெரியாது. 40 படி என்றால் கணினி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் 20 கோடியைத் தாண்டும். அத்தனையிலும் வெவ்வேறான கேள்விகள் வெறும் 40தான். மற்றதெல்லாம் கேட்டதையே திரும்பக் கேட்பது.

மருந்து எளியது: ஒரு படிக்கு விடை கிடைத்தவுடன் அதை எழுதி வைத்துவிட வேண்டும். 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89. பத்துப் படிக்கு 89 வழி. 40 படிக்கும் இப்படியே போனால் 38 கூட்டல்களில் வேலை முடிந்துவிடும். இந்த உத்திக்குப் பெயர் டைனமிக் புரோகிராமிங். அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் 1950களில் இதை ஒரு முறையாக வளர்த்து, 1957இல் அதே பெயரில் புத்தகமும் வெளியிட்டார்.

ஒரு படி உடைந்திருந்தாலும் இந்தப் பட்டியல் அசராது. நாலாவது படியில் கால் வைக்க முடியாது என்று வையுங்கள். அந்த இடத்தில் 0 எழுதிவிட்டு வழக்கம்போலக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்: 1, 2, 3, 0, 3, 3, 6, 9, 15, 24. 89 வழி 24 ஆகிவிட்டது. சரிபார்ப்பதும் சுலபம். எல்லோரும் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவியே தீர வேண்டும். மூன்றுக்கு 3 வழி, ஐந்துக்கு மேல் மீதமுள்ள ஐந்து படிக்கு 8 வழி, மூவெட்டு 24.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: எதை எழுதி வைப்பது? கூட்டுவது யாருக்கும் வரும். இந்தக் கேள்வியில்தான் பழகியவர்களே சறுக்குகிறார்கள். உடைந்த படியை மறந்துவிட்டு, ஒரு புது விதி போடுவோம்: இரட்டைத் தாவல் அடுத்தடுத்து இரண்டு தடவை கூடாது. மூன்று படிக்கு அதே 3 வழி. நாலுக்கு 4 வழி, ஏனென்றால் இரண்டும் இரண்டுமாகத் தாவுவது அடிபட்டுப்போகிறது. ஐந்துக்கு? பழைய பழக்கத்தில் நாலையும் மூன்றையும் கூட்டினால் 7. கையால் எழுதிப் பார்த்தால் 6தான். மூன்றாவது படிக்குத் தாவி வந்து சேர்ந்தவர் அங்கிருந்து மறுபடி தாவ முடியாது; வெறும் தொகையைப் பார்த்தால் அவர் எப்படி வந்தார் என்பது தெரியாது.

ஆகவே ஒவ்வொரு படிக்கும் இரண்டு எண் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு படி ஏறி வந்தவர்களின் எண்ணிக்கை ஒன்று, தாவி வந்தவர்களின் எண்ணிக்கை இன்னொன்று. மூன்றாவது படியில் அவை 2, 1. நாலாவது படியில் 3, 1. ஐந்தாவது படிக்கு ஒற்றையாக ஏறி வருபவர்கள், நாலில் நிற்கும் அத்தனை பேரும்: 4. தாவி வருபவர்கள், மூன்றில் ஒற்றையாக ஏறி நின்றவர்கள் மட்டும்: 2. மொத்தம் 6.

அடுத்து என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் விவரம் ஒவ்வொன்றும் எழுதி வைத்த குறிப்பில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் விடை தப்பாகும். நிரலோ எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்துவிடும். அதனால்தான் சின்ன எண்களுக்குக் கையால் எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது.

இதே விதியில் ஆறாவது படிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். 9 வந்தால் சரி. 10 வந்தால், இரண்டு எண்ணையும் ஒன்றாகக் கூட்டி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.