ஏற்ற இறக்கத்தை எதைக்கொண்டு அளப்பது?

பங்கின் விலை நாளை ஏறுமா, இறங்குமா என்பதைக் கணிப்பது அரிது. ஆனால், அது எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை ஓரளவு கணிக்க முடியும். பங்கு வணிகத்தில் ஈடுபடுவோர் கட்ட வேண்டிய மார்ஜின் தொகையும், ஆப்ஷன் ஒப்பந்தங்களின் விலையும் இக்கணிப்பைச் சார்ந்தே அமைகின்றன. கணிப்பு தவறினால் இழப்பு முதலீட்டாளரைச் சேரும்.

கணிப்பு பலித்ததா என்பதை எப்படிச் சோதிப்பது? பெய்த மழையை மழைமானியில் அளந்து, முன்னறிவிப்புடன் ஒப்பிடலாம். விலையின் ஏற்ற இறக்கமோ கண்ணுக்கு நேரடியாகப் புலப்படுவதில்லை. விலைகளைக் கொண்டு அதை மதிப்பிடத்தான் முடியும்.

நெடுங்காலம் பின்பற்றப்பட்ட வழி எளியது. நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய முடிவு விலைக்கும் இடையேயான சதவீத மாற்றத்தை வர்க்கப்படுத்தி, அதையே அன்றைய ஏற்ற இறக்கமாகக் கொள்வர். இதில் உள்ள குறையை ஓர் உதாரணம் காட்டிவிடும்.

தேசிய பங்குச்சந்தையின் வணிக நேரம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, அதாவது 375 நிமிஷங்கள். அதை 75 நிமிஷங்கள் கொண்ட ஐந்து பகுதிகளாகப் பிரிப்போம். நேற்றைய முடிவு விலையிலேயே இன்று தொடங்கிய ஒரு பங்கு, முதல் பகுதியில் 1 சதவீதமும், அடுத்ததில் 2 சதவீதமும் சரிகிறது, பின்னர் 0.5, 1.5, 1 சதவீதம் என ஏறிப் பழைய விலைக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் மாற்றம் பூஜ்யம். அதன் வர்க்கமும் பூஜ்யம். ஆனால், ஐந்து மாற்றங்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 8.5 வரும், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.9 சதவீதம். முதல் அளவுகோல் 'இன்று ஒன்றுமே நடக்கவில்லை' என்கிறது. இரண்டாவது அளவுகோல், பலருடைய முதலீடு அன்று ஆட்டம் கண்டதைச் சொல்கிறது. இவ்வாறு கூட்டிப் பெறுவதே 'நிகழ்ந்த ஏற்ற இறக்கம்'.

நாள் மாற்றத்தின் வர்க்கம் ஒருபுறமாகச் சாய்ந்த அளவன்று; பல நாள்களின் சராசரியில் அது சரியாகவே இருக்கும். ஆனால், தனியொரு நாளில் அது மிகையாகவோ குறைவாகவோ தாவும். விலை மாற்றங்கள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், இந்த அளவு உண்மை மதிப்பின் பாதிக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடையே அமைய ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பே உண்டு. அதே அனுமானத்தில், நாளை ஐந்து நிமிஷங்கள் கொண்ட 75 பகுதிகளாகப் பிரித்து அளந்தால், ஏறக்குறைய எல்லா நாள்களிலும் அந்த எல்லைக்குள் அமையும்.

இந்த வேறுபாடு ஒரு துறையின் நற்பெயரையே மீட்டது. ராபர்ட் எங்கிள் 1982-இலும், டிம் போலர்ஸ்லெவ் 1986-இலும் முன்வைத்த ஏற்ற இறக்கக் கணிப்பு மாதிரிகள் பயனற்றவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நாள் மாற்றத்தின் வர்க்கத்தோடு ஒப்பிட்டபோது, அதன் மாறுதல்களில் மிகச் சிறு பங்கையே அவை விளக்கியதே காரணம். 1998-இல் டார்பன் ஆண்டர்சனும் போலர்ஸ்லெவும் ஜெர்மன் மார்க் - டாலர் மாற்று விகிதத்தைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். நாள் மாற்றத்தின் வர்க்கத்தை இலக்காகக் கொண்டபோது, கணிப்பு விளக்கியது 5 சதவீதத்துக்கும் குறைவு. நாளொன்றுக்கு 288 ஐந்து நிமிஷ மாற்றங்களிலிருந்து பெற்ற அளவை இலக்காகக் கொண்டபோது, அதே கணிப்பு ஏறக்குறைய பாதியை விளக்கியது. பழுது கணிப்பில் இல்லை. அதைச் சோதித்த அளவுகோலில்தான் இருந்தது.

அப்படியானால், விநாடிக்கு விநாடி அளந்தால் இன்னும் துல்லியம் கிடைக்குமே எனத் தோன்றலாம். அங்கேதான் ஆபத்து. ஒரு பங்கை வாங்க முன்வருவோரின் விலை ரூ.100, விற்க முன்வருவோரின் விலை ரூ.100.05 என நாள் முழுதும் அசையாமல் நிற்கட்டும். வணிகம் விநாடிதோறும் இவ்விரு விலைகளில் ஏதேனும் ஒன்றில் நிகழும். 22,500 விநாடிகளில் சுமார் பாதியில், பதிவாகும் விலை 0.05 சதவீதம் மாறும். வர்க்கங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 28, வர்க்கமூலம் 5.3 சதவீதம். ஒன்றுமே நடக்காத நாள் கொந்தளிப்பான நாளாகத் தோன்றும்! ஐந்து நிமிஷ இடைவெளியில் இதே பிழை 0.3 சதவீதமாகச் சுருங்கிவிடும். எனவேதான், ஐந்து நிமிஷம் நடைமுறை வழக்கமாயிற்று. வணிகம் குறைவாக நடக்கும் பங்குகளுக்கு அதனினும் நீண்ட இடைவெளி தேவைப்படலாம். இடைவெளியைக் குறைக்கக் குறைக்கச் சராசரி அளவு ஏறிக்கொண்டே போனால், நாம் அளப்பது சந்தையை அல்ல, இரைச்சலை என்று அறியலாம்.

இன்னொரு குறையும் உண்டு. சந்தை மூடியிருக்கும் இரவில் வரும் செய்திகளால், மறுநாள் காலை விலை தாவித் தொடங்கக்கூடும். வணிக நேர மாற்றங்களை மட்டும் கூட்டினால் அந்தத் தாவல் விடுபடும். முழு நாளின் இடரைக் கணிப்பவர், முந்தைய முடிவு விலைக்கும் காலைத் தொடக்க விலைக்குமான மாற்றத்தின் வர்க்கத்தையும் சேர்த்தாக வேண்டும்.

ஆகவே, ஒரு கணிப்பு முறை 5 சதவீதமே தேறியது என்று எவரேனும் கூறினால் அதை உடனே ஒதுக்கிவிடக் கூடாது. அது எந்த அளவோடு ஒப்பிடப்பட்டது, அந்த அளவு எத்தனை நிமிஷ இடைவெளியில் பெறப்பட்டது, இரவுத் தாவல் அதில் அடங்கியதா என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும்.