ஒரு டி-ஷர்ட்டின் அடக்கம் எவ்வளவு?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவரிடம் "ஒரு டி-ஷர்ட் அடக்கம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த மாசத்துக்கு, எத்தனை பீஸுக்கு?" என்று திருப்பிக் கேட்டால் அவர் கணக்குத் தெரிந்தவர். சட்டென்று ஒரே தொகையைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரே சட்டைக்கு 122 ரூபாய் என்ற விடையும் சரி, 102 என்ற விடையும் சரி, 127 என்ற விடையும் சரி. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று பிரித்துச் சொல்வதுதான் அடக்கவிலைக் கணக்கியலின் முதல் பாடம்.

சாயமேற்றிய துணியை வாங்கி, வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, பேக் செய்து அனுப்பும் சிறிய கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

செலவு எங்கே நடக்கிறது?

கம்பெனிக்குள் கட்டிங், தையல், இஸ்திரி-பேக்கிங் என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. செலவைச் சேர்த்துப் பார்ப்பதற்காகப் பிரித்து வைக்கும் இப்படிப்பட்ட இடம் ஒவ்வொன்றும் ஒரு செலவு மையம். அது இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் இயந்திரமோ, ஓர் ஆளோகூட மையமாகலாம். இந்த மூன்றிலும் சட்டை உருவாகிறது என்பதால் இவை உற்பத்தி மையங்கள். ஸ்டோர், ஜெனரேட்டர் அறை, மெக்கானிக் ஆகியவற்றில் சட்டை உருவாவதில்லை. உருவாக்குபவர்களுக்கு அவை துணை நிற்கின்றன. அதனால் அவை சேவை மையங்கள்.

கட்டிங் மாஸ்டரின் சம்பளம் நேராகக் கட்டிங் கணக்கில் ஏறிவிடும். கட்டட வாடகையோ எல்லோருக்கும் பொது. அதைப் பங்கிட ஒரு நியாயமான அளவுகோல் வேண்டும். வாடகை 1,50,000 ரூபாய், இடம் 10,000 சதுர அடி என்றால் சதுர அடிக்கு 15 ரூபாய். 3,000 சதுர அடி எடுத்துக்கொள்ளும் கட்டிங்குக்கு 45,000, 5,000 எடுக்கும் தையலுக்கு 75,000, மீதி 2,000 சதுர அடியில் இயங்கும் பேக்கிங்குக்கு 30,000. மெக்கானிக்கின் சம்பளத்தை இதே சதுர அடிக் கணக்கில் பங்கிட்டால் தவறாகிவிடும். கட்டிங் மேஜை நிறைய இடத்தை அடைக்கும். ஆனால் மெக்கானிக் நாள் முழுவதும் நிற்பது தையல் மெஷின்களுக்கு நடுவில். அவர் சம்பளத்தை மெஷின்களின் எண்ணிக்கைப்படி பங்கிட வேண்டும். எது செலவைக் கிளப்புகிறதோ, அதுவே அளவுகோல்.

எதற்கு எவ்வளவு?

மையத்தில் சேர்ந்த செலவைக் கடைசியில் எதன் தலையில் ஏற்றுகிறோமோ, அது செலவு அலகு. நிட்டிங், சாயம் போடுவோருக்கு அலகு ஒரு கிலோ துணி. நம் கம்பெனிக்கு ஒரு பீஸ். மின்வாரியத்துக்கு ஒரு யூனிட் மின்சாரம். பேருந்து நிறுவனத்துக்கு ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்வது.

அலகை அசட்டையாகத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பொய் சொல்லும். கம்பெனி 25,000 வட்டக்கழுத்து சட்டையும் 25,000 காலர் சட்டையும் தைக்கிறது, தையல் பிரிவின் பொதுச் செலவு 3 லட்சம் என்று கொள்வோம். பீஸ் கணக்கில் பங்கிட்டால் இரண்டுக்கும் தலா 6 ரூபாய். ஆனால் வட்டக்கழுத்துக்கு 8 நிமிடமும் காலருக்கு 16 நிமிடமும் தையல் நேரம் பிடித்தால், மொத்தம் 6 லட்சம் நிமிடம், நிமிடத்துக்கு 50 பைசா. வட்டக்கழுத்துக்கு 4 ரூபாய், காலருக்கு 8 ரூபாய். பீஸை மட்டும் எண்ணுபவர் வட்டக்கழுத்துக்கு அதிக விலை சொல்லி ஆர்டரை இழப்பார். காலர் சட்டையை மலிவாகக் கொடுத்து ஆர்டர் குவிகிறதே என்று மகிழ்வார்.

ஒரே செலவு, மூன்று முகம்

இனி, ஒவ்வொரு செலவையும் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி: எதற்காகக் கொடுத்த பணம்? பொருளுக்கா, உழைப்புக்கா, வாடகை மின்சாரம் போன்ற பிற செலவுக்கா? இது இயல்பின்படி பிரிப்பது.

இரண்டாவது: கம்பெனியின் எந்தப் பணிக்காக? உற்பத்தி, நிர்வாகம், விற்பனை, வினியோகம் என்று பிரிப்பது செயற்பாட்டின்படி. துணியை ஏற்றிவந்த லாரிக்கும் வாடகை, தைத்த சட்டையைத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்லும் லாரிக்கும் வாடகை. இயல்பில் இரண்டும் ஒன்றே. ஆனால் முதல் வாடகை துணியின் விலையோடு சேரும்; இரண்டாவது வினியோகச் செலவு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதிவிட்டால், சட்டை தைக்க ஆன செலவு எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது: உற்பத்தி கூடினால் இந்தச் செலவும் கூடுமா? இது நடத்தையின்படி பிரிப்பது. துணி, நூல், பீஸ் ரேட் கூலி ஆகியவை பீஸோடு ஏறி இறங்கும். அவை மாறும் செலவுகள். வாடகையும் சூப்பர்வைசர் சம்பளமும் நிலைச் செலவுகள். மின்கட்டணத்தில் இரண்டும் கலந்திருக்கும். 40,000 பீஸ் தைத்த மாதம் 60,000 ரூபாயும், 50,000 பீஸ் தைத்த மாதம் 70,000 ரூபாயும் பில் வந்தது என்றால், கூடுதல் 10,000 பீஸுக்குக் கூடுதல் 10,000 ரூபாய். ஆக, பீஸுக்கு ஒரு ரூபாய் மாறும் பகுதி. மீதி 20,000 நிலையான பகுதி. இடையில் கட்டண விகிதம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

115 ரூபாய் ஆர்டரை ஏற்கலாமா?

நம் கம்பெனியில் ஒரு சட்டைக்குத் துணி 75, நூல், லேபிள், பாலிபேக் முதலியவை 6, கூலி 20, மின்சாரம் 1. மாறும் செலவு 102 ரூபாய். நிலைச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 10 லட்சம். 50,000 பீஸ் தைத்தால் பீஸுக்கு 20 ரூபாய் நிலைச் செலவு விழும். முழு அடக்கம் 122. 40,000 மட்டுமே தைத்தால் அதே 10 லட்சம் பீஸுக்கு 25 ரூபாயாகி, அடக்கம் 127 ஆகிவிடும். யாரும் எதையும் வீணாக்கவில்லை; ஆர்டர் குறைந்தது, அவ்வளவுதான்.

40,000 பீஸுக்கு மட்டுமே ஆர்டர் இருக்கும் மாதத்தில், இன்னொருவர் 10,000 பீஸை 115 ரூபாய்க்குக் கேட்கிறார். 127 அடக்கத்தைப் பார்த்தால் பீஸுக்கு 12 ரூபாய் நட்டம் போலத் தெரியும். ஆனால் வாடகையும் சம்பளமும் எப்படியும் போகப்போகின்றன. கூடுதலாகச் செலவாவது 102 மட்டும்; பீஸுக்கு 13 ரூபாய் வீதம் 1,30,000 ரூபாய் மிஞ்சும். மெஷினும் ஆளும் சும்மா இருக்கும் மாதத்தில் ஏற்கலாம்.

அதே ஆர்டர் 50,000 பீஸ் ஓடும் மாதத்தில், கம்பெனி நிரம்பி வழியும்போது வந்தால்? ஓவர்டைம் பார்த்தாக வேண்டும். சட்டப்படி அதற்கு இரு மடங்கு ஊதியம். 20 ரூபாய்க் கூலி 40 ஆகி, மாறும் செலவே 122 ஆகிவிடும். 115 ரூபாய்க்குத் தைத்தால் ஒவ்வொரு சட்டைக்கும் 7 ரூபாய் கையை விட்டுப் போகும்.

இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எல்லா ஆர்டரையும் 115-க்கு எடுத்தால் அந்த 10 லட்சத்தைச் சுமக்க ஆளிருக்காது. 50,000 பீஸுக்கும் 13 ரூபாய் மிஞ்சினால் 6,50,000. மாதம் மூன்றரை லட்சம் துண்டு விழும்.

ஆகவே, புதிதாகக் கணக்கு எழுதத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு வவுச்சரிலும் எந்த மையம், எந்த இயல்பு, எந்தப் பணி, மாறுமா மாறாதா என்ற நான்கையும் அன்றன்றே குறித்துவிடுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து பிரிக்கும் கணக்கை நம்பி விலை சொல்லாதீர்கள்.