பிழையை எழுதி அனுப்புவது எப்படி?

"உங்கள் சாப்ட்வேர் சரியாக வேலை செய்யவில்லை. உடனே சரி செய்யவும்." இப்படி ஓர் இமெயில் வந்தால் புரோகிராமரால் எதுவும் செய்ய இயலாது. அதே பிழை அவருடைய கம்ப்யூட்டரிலும் வந்தால்தான் காரணத்தைத் தேட முடியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடை பில்களை ஒரு டெக்ஸ்ட் பைலில் இருந்து பில்லிங் சாப்ட்வேருக்குள் கொண்டு வருகிறீர்கள். ஏப்ரல் மாத மொத்தம் குறைகிறது. தேடிப் பார்த்தால் ஏப்ரல் 5ஆம் தேதி பில், மே 4இல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரல் 15ஆம் தேதி பில் சரியாக உள்ளது.

எது தவறு, எது சரி என்ற இந்த வேறுபாடுதான் துப்பு. சாப்ட்வேர் முதல் எண்ணை மாதமாக எடுத்துக் கொள்கிறது. 15ஆவது மாதம் கிடையாது என்பதால் அங்கு மட்டும் வரிசையை மாற்றிப் படித்துக் கொள்கிறது. எர்ரர் செய்தி எதுவும் வராது.

முழு பைலையும் அனுப்பாதீர்கள். அதில் வாடிக்கையாளர் பெயர்கள் இருக்கும். நோட்பேடில் இரண்டே வரிகளை டைப் செய்து, பிழை வருகிறதா என்று பாருங்கள்.

```
101,05/04/2025,500
102,15/04/2025,750
```

வந்தால், இந்த பைலை இணைத்து இப்படி எழுதலாம்:

பொருள்: பதிப்பு 4.2 - இம்போர்ட் செய்தால் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன

செய்தவை:
1. File மெனுவில் Import கிளிக் செய்து, இணைத்துள்ள பைலைத் தேர்ந்தெடுத்தேன்.
2. ஏப்ரல் 2025 விற்பனை அறிக்கையைத் திறந்தேன்.

எதிர்பார்த்தது: இரண்டு பில்கள், மொத்தம் ரூ.1,250.

கிடைத்தது: ஒரே பில், ரூ.750. பில் 101 மே 4இல் உள்ளது. மூன்று முறை செய்தும் இதே விளைவு.

கம்ப்யூட்டர்: விண்டோஸ் 11. தேதி அமைப்பு: dd/MM/yyyy.

அவசரம்: ஏப்ரல் விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை மே 11க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பில்களைக் கையால் உள்ளிட்டால் தேதி மாறுவதில்லை. ஆனால் 140 பில்கள் உள்ளன. மே 9க்குள் திருத்தம் கிடைக்குமா?

விண்டோஸ் பதிப்பை அறிய, விண்டோஸ் கீயுடன் R அழுத்தி `winver` என டைப் செய்யுங்கள். அதே இடத்தில் `intl.cpl` கொடுத்தால் தேதி அமைப்பு தெரியும். சாப்ட்வேரின் பதிப்பு எண் பெரும்பாலும் Help மெனுவில் About பகுதியில் இருக்கும்.

அவசரம் பகுதியைக் கவனியுங்கள். "மிக மிக அவசரம்" என்று அதில் இல்லை. கெடு தேதியும், தற்காலிக மாற்று வழியும், அது ஏன் போதாது என்பதும் உள்ளன. எந்தப் பிழையை முதலில் திருத்துவது என்று நிறுவனம் முடிவு செய்ய இவையே தேவை. காரணம் பற்றிய உங்கள் ஊகத்தைக் கடைசியில், ஊகம் என்றே குறிப்பிட்டு எழுதுங்கள். அது தவறாக இருந்தாலும், மேலே உள்ள இரண்டு வரி பைல் புரோகிராமரைச் சரியான இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடும்.