'No service' வந்தால் போனைக் குறை சொல்லுமுன்…

'போன் போச்சு' என்று நம் மணலி மஹல்லா வீடுகளிலிருந்து யார் கொண்டுவந்தாலும், முதலில் நாங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்ப்போம். அங்கேயும் சிக்னல் இல்லையென்றால் போன் மீது பழியில்லை. அங்கே சிக்னல் வந்தால், உங்கள் போனில் நெட்வொர்க் தேர்வு 'Automatic' என்று இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த போனில் இது மாறியிருப்பதுண்டு.

பிள்ளைகள் சிம்மின் பின் நம்பரை 3 முறை தவறாகப் போட்டால் திரை PUK கேட்கும். இதில்தான் கவனம் வேண்டும். குத்துமதிப்பாகப் போட்டு 10 முறை தவறினால் சிம் அடியோடு செத்துவிடும், எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. சிம் வந்த அட்டையில் அந்த 8 இலக்க எண்ணைத் தேடுங்கள். இல்லையேல் சிம் யார் பெயரிலோ அவரே கஸ்டமர் கேரில் கேட்கட்டும். அதே நம்பரில் புது சிம் வாங்கினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, பேங்க் ஓடிபியும் அப்படித்தான்.