முன்பக்கம் ஏறும் டாப்ஸ்

ஆறாம் மாதத்தில் பழைய சுடிதார் டாப்ஸைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்று கண்ணாடியைப் பாருங்கள். இறுக்கம் உடனே தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும்: பின்பக்கம் முழங்காலில் நிற்கும் துணி, முன்பக்கம் நாலைந்து விரற்கடை மேலே ஏறியிருக்கும். வயிறு முன்னால் தள்ளத் தள்ள, மார்புக்குக் கீழிருந்து தொடை வரை துணி போகவேண்டிய வழி வளைந்து நீள்கிறது. அந்த நீளத்தைத் துணி கீழ் ஓரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு அளவு பெரிய டாப்ஸ் வாங்கினால் தோள் தொங்கும், கழுத்து விரியும். முன்பக்கம் அப்போதும் ஏறத்தான் செய்யும்.

1938இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பேஜ் பாய் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிராங்ஃபர்ட் சகோதரிகள் பாவாடையில் இதைத்தான் தீர்த்தார்கள். வயிறு வரும் இடத்தில் பாவாடையை ஜன்னல்போல வெட்டிவிட்டு, மேலே நீண்ட சட்டையால் மறைத்தார்கள். துணியை ஏற்றிவிட வயிறு குறுக்கே வராததால் கீழ் ஓரம் நேராக நின்றது. டாப்ஸில் ஜன்னல் வெட்ட முடியாது. நமக்குச் சுருக்குதான் வழி.

என் நாத்தனாரின் காட்டன் டாப்ஸ் ஒன்றைப் பிரித்துத் தைத்த கணக்கைச் சொல்கிறேன். முதலில் அகலம். வயிற்றுப் பகுதியில் டாப்ஸின் சுற்றளவு 96 செ.மீ. ஒன்பதாம் மாதத்தில் வயிறு 108 வரும் என்று வைத்துக்கொண்டோம். மூச்சுவிட 4 சேர்த்தால் 112. ஆக 16 செ.மீ. குறைகிறது, பக்கத்துக்கு எட்டு. தையற்காரர் உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்தால் பக்கத்துக்கு இரண்டு செ.மீ. கிடைத்திருக்கும். அது மூன்றாம் மாதத்துக்குத்தான் போதும்.

எனவே பக்கத் தையலைப் பிரித்து, லைக்ரா கலந்த ரிப் பனியன் துணியில் இரண்டு பட்டைகள் வைத்தோம். அக்குளில் 3 செ.மீ., தொப்புள் உயரத்தில் 7 செ.மீ., ஸ்லிட் அருகே மீண்டும் குறுகி, மாவிலை வடிவம். இருபுறமும் தையலுக்குத் தலா ஒரு செ.மீ. கூடுதல். ஏழு செ.மீ. ரிப் மெல்ல இழுத்தாலே பத்து வரும் என்பதால் எட்டு தேவைப்பட்ட இடத்தில் ஏழு போதும். நெய்த துணியில் பாவும் ஊடும் நேராக ஓடுவதால் இழுக்க இடமில்லை. பனியன் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது, கண்ணிகள் வளைந்து கொடுக்கும். ஆனால் அது அதிகம் இழுபடுவது குறுக்கே. அந்தக் குறுக்குவாட்டம் உடம்பைச் சுற்றி வரவேண்டும். திருப்பி வெட்டிவிட்டால் பட்டை வைத்தும் பயனில்லை.

வெட்டும் முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து, 10 செ.மீ. அளவை 15 வரை இழுத்து விட்டுப் பார்த்தேன். திரும்பப் பத்துக்கே வந்தது. பதினொன்றில் நின்றிருந்தால் மாலைக்குள் தொளதொளத்துவிடும்.

இனி நீளம். முன்துண்டின் ஓரத்தில் 30 செ.மீ. துணியை, மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை, 20 செ.மீ.யாகச் சுருக்கினோம். நீளத் தையல் இரண்டு வரிசை போட்டு, பாபின் நூலை இழுத்துச் சுருக்கைச் சீராகப் பரப்பி, பட்டையோடு தைப்பதுதான் வேலை. இரண்டு பக்கமும் இப்படிப் பத்து செ.மீ. உள்வாங்கப்பட்டு வயிற்றின் மேல் குறுக்கு மடிப்புகளாக நிற்கும். வயிறு வளர வளர மடிப்புகள் தாமே அவிழும்.

ஒரு சிக்கல்: பத்து செ.மீ. சுருங்கியதும் முன்பக்க ஸ்லிட்டின் ஆரம்பமும் மேலே ஏறிவிடும். அதனால் முன்பக்கத்தில் மட்டும் ஸ்லிட்டின் மடிப்பைப் பத்து செ.மீ. பிரித்து, அந்த ஓரத்தையும் பட்டையோடு சேர்த்தோம். முன்பக்கம் குட்டையானதற்கு ஈடாகப் பின்பக்கக் கீழ் ஓரத்தைப் பத்து செ.மீ. உள்ளே மடித்துத் தைத்தோம். வெட்டவில்லை, பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

தையலில்தான் பலரும் தவறுகிறார்கள். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும், நூல் இழுபடாது. உட்காரும்போது டிக்கென்று அறும். ஜிக்ஜாக் தையலும், பனியன் துணிக்கான முனை உருண்ட ஊசியும் வேண்டும். சாதா ஊசியில் தையல் விட்டுவிட்டு விழும். வீட்டுக் கால்மிதி மெஷினில் ஜிக்ஜாக் கிடையாதென்றால், பாலியஸ்டர் நூலில் சிறு தையலாக, துணியைத் துளி இழுத்துப் பிடித்து ஓட்டலாம். அதிகம் இழுத்தால் தையல் அலை அலையாக நெளியும்.

பட்டுக்கு இந்த வேலை வேண்டாம். பிரித்த இடத்து ஊசித் துளைகள் மறையாது. காட்டனில் இரண்டு துவைப்பில் மறைந்துவிடும். கழற்றும்போது விலாவில் சிவந்த கோடு பதிந்திருந்தால் பட்டை போதவில்லை என்று பொருள். ஏழை ஒன்பதாக்க வேண்டும். நாத்தனாருக்கு எட்டாம் மாதத்தில் அந்தக் கோடு வந்தது. அக்குள் பக்கம்தான், வயிற்றையே அளந்துகொண்டிருந்தோம், மார்பும் பெருக்கும் என்பதை மறந்துவிட்டோம். மேலே மூன்றாக இருந்த பட்டையை ஐந்தாக்கினோம்.